அஸர் நேரம் ஏன் ஏறி இறங்குகிறது?

கோலார் தங்க வயலில் ராபர்ட்சன்பேட்டையைப் போன்ற ஒரு பகுதியில், பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டவணையை வருடம் முழுக்கக் கவனித்துப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழும். மஃரிபின் போக்கு எளிது. சூரியன் மறையும் நேரம் அது. குளிர்காலத்தில் சீக்கிரம் வரும், கோடையில் தாமதமாகும். பிற்பகல் தொழுகையான அஸர் அப்படி நடந்துகொள்வதில்லை. இந்த ஊருக்கு ஷாஃபி முறைப்படி கணக்கிட்டால் பிப்ரவரி 11 அன்று அஸர் ஏறத்தாழ 3:52க்குத் தொடங்குகிறது. ஏப்ரல் 25க்குள் 3:20க்கு இறங்கிவிடுகிறது. ஜூன் 21க்கு மறுபடி ஏறி 3:45 ஆகிறது. ஆகஸ்ட் 18 அன்று 3:26, நவம்பர் தொடக்கத்தில் 3:20, டிசம்பர் 21 அன்று 3:31.

வெயில் ஏறிக்கொண்டே போகும் ஏப்ரலில் அஸர் முன்னால் வருவானேன்? பகல் மிக நீளமாக இருக்கும் ஜூனில் பின்னால் போவானேன்? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதையே வேலையாகக் கொண்டிருந்தவர்களிடம் இதற்கு விடை கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. நம் ஊர்க் கணக்கையே அந்தக் கருவியில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் விதி. ஐந்து வேளைத் தொழுகையில் எதற்கும் கடிகார நேரம் வரையறுக்கப்படவில்லை. எல்லாம் வானத்தை வைத்தே. கிழக்கில் வெள்ளை வெளிச்சம் பரவும்போது சுப்ஹு. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். சூரியன் மறைந்ததும் மஃரிப். அந்தி வெளிச்சம் முழுதும் மங்கியபின் இஷா. அஸருக்கு மட்டும் நிழலை அளக்க வேண்டும். நட்டு வைத்த ஒரு குச்சிக்கு நண்பகலில் எவ்வளவு நிழல் இருந்ததோ, அதோடு குச்சியின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நிழல் அந்த அளவை எட்டும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. இது ஷாஃபி முறை. ஹனஃபி முறையில் குச்சியின் நீளத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். அதனால்தான் சில அட்டவணைகளில் அஸருக்கு மட்டும் இரண்டு நேரம் இருக்கும். தங்க வயலில் ஜூன் 21 அன்று ஷாஃபி அஸர் 3:45 என்றால் ஹனஃபி அஸர் 4:53.

நண்பகல் நிழலை ஏன் சேர்க்க வேண்டும்? வடக்கே போகப் போக, குளிர்கால நண்பகலிலேயே நிழல் குச்சியைவிட நீளமாக இருக்கும். டமாஸ்கஸில் டிசம்பர் நண்பகல் நிழல் குச்சியைப் போல ஒன்றரை மடங்கு. ‘நிழல் குச்சியளவு ஆனால் அஸர்’ என்று மட்டும் விதி இருந்தால், அங்கே லுஹருக்கு முன்பே அஸர் வந்துவிடும். எனவே நண்பகலுக்குப் பிறகு நிழல் எவ்வளவு வளர்ந்தது என்பதே அளவுகோலாயிற்று.

இந்த வளர்ச்சியை நேரமாக மாற்ற ஓர் எளிய விதி இந்தியாவில் வெகுகாலமாக இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் 12 அங்குலக் குச்சிக்கு அது வருகிறது. நண்பகல் நிழலுக்கு மேல் நிழல் ஒரு குச்சியளவு வளர்ந்திருந்தால், பிற்பகலில் பாதி கழிந்துவிட்டது என்று அந்த விதி சொல்லும். எட்டாம் நூற்றாண்டில் இந்திய வானியல் பாக்தாத் போனபோது இதுவும் சேர்ந்து போயிற்று. அஸருக்கான நிழல் வரையறையும் இந்த விதியும் இவ்வளவு பொருந்திப் போவது தற்செயல் அல்ல என்பது இஸ்லாமிய வானியல் வரலாற்றாசிரியர் டேவிட் கிங்கின் கருத்து. தங்க வயலில் ஏப்ரல் 25 அன்று இதைச் சரிபார்க்கலாம். நண்பகலிலிருந்து சூரியன் மறைய 6 மணி 12 நிமிடம். அஸர் வருவது 3 மணி 5 நிமிடத்தில். ஏறத்தாழ சரிபாதி.

இப்போது புதிருக்கு வருவோம். தங்க வயல் நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் வருடத்தில் தெற்கே 23.4 டிகிரி வரைக்கும், வடக்கே 23.4 டிகிரி வரைக்கும் போய் வருகிறது. ஆக, வடக்கே போகும் வழியில் ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒருமுறையும், திரும்பும் வழியில் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறையும் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாட்களில் நண்பகல் நிழல் சுழியம். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு 18 செ.மீ. நிழல் தெற்கு நோக்கி இருப்பதை ஊரில் எவரும் பார்க்கலாம். டிசம்பர் 21 அன்று அதே குச்சிக்கு வடக்கு நோக்கி 74 செ.மீ.

அஸர் விதிக்கு நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பது பொருட்டல்ல, நீளம்தான் பொருட்டு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நண்பகல் நிழல் குறைந்துகொண்டே வந்து சுழியம் ஆகிறது. அதனால் எட்ட வேண்டிய நிழலும் குட்டையாகி, மார்ச் முதல் அஸர் வேகமாக முன்னால் வருகிறது. ஏப்ரல் 25க்குப் பிறகு நிழல் மறுபக்கம் விழுந்து மீண்டும் நீளத் தொடங்குகிறது. எட்ட வேண்டிய அளவு கூடுவதால் அஸர் பின்வாங்குகிறது. டமாஸ்கஸில் சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வடக்கே போவதில்லை. அங்கே நண்பகலிலிருந்து அஸர் வரையிலான இடைவெளி டிசம்பரில் 2 மணி 40 நிமிடம், மார்ச்சில் 3 மணி 27, ஜூனில் 3 மணி 44 என்று ஒரே சீராக ஏறும். நம் ஊரில் மார்ச்சில் 3 மணி 19, ஏப்ரலில் 3 மணி 5, ஜூனில் 3 மணி 26.

கருவி ஏதும் இல்லாத காலத்தில் மோதினார்கள் தங்கள் நிழலையே அடியால் அளந்தார்கள். ஒருவருடைய உயரம் அவர் பாதத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. நண்பகலில் தன் நிழல் எத்தனை அடி என்று அளந்துகொண்டு, அதோடு ஏழு அடி கூடியதும் அஸர் பாங்கு சொல்லலாம். மாதவாரியாக நண்பகல் நிழலை எழுதி வைத்த சிறு பட்டியல்களும் புழங்கின. ஆனால் அப்படிப்பட்ட பட்டியல் எழுதப்பட்ட ஊருக்கு மட்டுமே பொருந்தும். ஊர் மாறும்போது நண்பகல் நிழலும் மாறுகிறது. இந்தச் சிக்கலை முறைப்படி தீர்த்த கருவிதான் அரபியில் அஸ்துர்லாப் எனப்படும் ஆஸ்ட்ரோலேப்.

உள்ளங்கை அளவிலிருந்து தாம்பாள அளவு வரைக்கும் இருக்கும் பித்தளை வட்டு அது. அதன் மேல் செதுக்கியிருப்பது வானத்தின் தட்டையான படம். உருண்டையான ஒரு கம்பிக் கூண்டைத் தரையில் வைத்து, அதன் உச்சியில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் கம்பிகளின் நிழல் தரையில் விழும். கூண்டில் வட்டமாக இருந்த கம்பிகள் தரையிலும் வட்டமாகவோ நேர்கோடாகவோதான் விழும். ஒருபோதும் முட்டை வடிவம் ஆகாது. வானக்கோளத்தின் தென்துருவத்தில் விளக்கு இருப்பதாகக் கொண்டு இதே முறையில் வரைந்த படம்தான் ஆஸ்ட்ரோலேப். எல்லாம் வட்டமும் கோடும் என்பதால், கவராயமும் அளவுகோலும் வைத்திருக்கும் கம்மாளரால் பித்தளையில் அதைத் துல்லியமாகச் செதுக்க முடிந்தது.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழே இருப்பது ஊர்த்தட்டு. தொடுவானம், அதிலிருந்து உச்சி வரைக்கும் 10, 20, 30 டிகிரி என்று உயர வட்டங்கள், நடுவில் வடக்குத் தெற்காகச் செல்லும் உச்சிக்கோடு ஆகியவை இதில் இருக்கும். ஊரின் அகலாங்கு மாறினால் இந்த வட்டங்கள் எல்லாம் இடம் மாறும். எனவே ஒவ்வோர் அகலாங்குக்கும் தனித்தட்டு வேண்டும். மேலே இருப்பது வலைத்தட்டு. சில விண்மீன்களைக் காட்டும் முனைகளும், சூரியன் வருடம் முழுக்க நடக்கும் ராசி வட்டமும் மட்டும் அதில் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெட்டி எடுத்திருப்பார்கள். இதைச் சுழற்றினால் கீழே இருக்கும் ஊரின் வானத்தில் சூரியன் எழுந்து, உச்சிக்குப் போய், மறையும். கருவியின் பின்புறத்தில் டிகிரி அளவும், சூரியனைக் குறிபார்க்கச் சுழலும் பட்டையும், உயரத்தை நிழலாக மாற்றித் தரும் நிழல் சதுரமும் உண்டு. அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் 12 விரலாகவோ 7 அடியாகவோ பிரிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு விரல் இந்திய வானியலாளரின் 12 அங்குலக் குச்சி. ஏழு அடி மோதினாரின் பாதக் கணக்கு.

ஜூன் 21 அன்று தங்க வயலின் அஸரை இதில் கண்டுபிடிப்போம். 13 டிகிரித் தட்டைப் போட்டு, ராசி வட்டத்தில் சூரியன் அன்று இருக்கும் இடமான கடக ராசித் தொடக்கத்தைக் குறித்துக்கொள்கிறோம். வலைத்தட்டைச் சுழற்றி அந்தப் புள்ளியை உச்சிக்கோட்டில் நிறுத்துகிறோம். அது உச்சிப் புள்ளியைத் தாண்டி வடதுருவப் பக்கம் நிற்கிறது. உயர வட்டம் ஏறத்தாழ 79.5 டிகிரி காட்டுகிறது. இதுதான் நண்பகல் உயரம். கருவியைத் திருப்பிப் பட்டையை 79.5க்கு நகர்த்தினால், நிழல் சதுரத்தில் 2.2 விரல் வருகிறது. அதோடு குச்சியின் 12 விரலைக் கூட்டினால் 14.2. இது சதுரத்தின் 12 விரலைத் தாண்டுவதால், 144ஐ 14.2ஆல் வகுத்து வரும் 10.1 விரலைச் சதுரத்தின் செங்குத்துப் பக்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டையை அங்கே நகர்த்தி டிகிரி அளவைப் பார்த்தால் 40 டிகிரி சொச்சம். அதாவது, பிற்பகலில் சூரியன் 40 டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது அஸர்.

பள்ளிவாசலுக்கு இதுவே போதும். கருவியை வளையத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பட்டையின் இரு துளைகள் வழியே சூரிய ஒளி விழும்படி வைத்து, உயரம் 40க்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் சரி. எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் முன்புறத்துக்கு வர வேண்டும். சூரியப் புள்ளியை மேற்குப் பக்கம் 40 டிகிரி வட்டத்தைத் தொடும்வரை சுழற்றினால், உச்சிக்கோட்டிலிருந்து வலைத்தட்டு ஏறத்தாழ 51.5 டிகிரி சுழன்றிருக்கும். வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஆக, நண்பகலுக்குப் பின் 3 மணி 26 நிமிடம்.

தவறு எங்கே வரும்? கையில் தொங்கும் கருவியில் அரை டிகிரி பிசகுவது சாதாரணம். பிற்பகலில் சூரியன் ஒரு டிகிரி இறங்க இங்கே நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், அரை டிகிரிக்கு இரண்டு நிமிடம் போகும். பெரிய பிழை ஊர்த்தட்டில்தான். டெல்லிக்கான 28 டிகிரி 39 கலைத் தட்டை வைத்துத் தங்க வயலில் அஸர் பார்த்தால் ஜூனில் சூரியன் 42.5 டிகிரியில் இருக்கும்போதே நேரம் வந்துவிட்டதாகக் காட்டும். உண்மையான நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் பாங்கு சொல்லியிருப்போம். டிசம்பரில் இதே தட்டு அரை மணி நேரம் தாமதமாக்கும். முதல் பிழை மோசமானது. நேரம் வருமுன் தொழுத தொழுகை நிறைவேறாது.

கருவியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவருக்கும் நம் ஊரில் ஒரு பொறி உண்டு. 90இலிருந்து ஊரின் அகலாங்கைக் கழித்து, சூரியன் வடக்கே விலகிய டிகிரியைக் கூட்டினால் நண்பகல் உயரம் வரும் என்பது வழக்கமான வாய்பாடு. டமாஸ்கஸில் அது வருடம் முழுக்கச் சரி. இங்கே ஜூனில் 100.4 என்று வரும். செங்குத்துக்கு மேல் உயரம் கிடையாது என்பதால் 180இலிருந்து கழித்து 79.6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டில் இந்தச் சங்கடமே இல்லை; புள்ளி உச்சிக்கு மறுபக்கம் நிற்பது கண்ணுக்கே தெரிகிறது.

இந்த வேலையைத் தொழிலாகச் செய்தவருக்கு முவக்கித் என்று பெயர், ‘நேரம் கணிப்பவர்’. பாங்கு சொல்பவருக்கு நல்ல குரல் வேண்டும். முவக்கித்துக்கு வானியல் தெரிய வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இந்தப் பதவி தோன்றியது. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் தலைமை முவக்கித்தாக இருந்த இப்னு அல்-ஷாத்திர், 1371 வாக்கில் அங்கே மினாரில் வைக்க ஒரு பெரிய பளிங்கு நிழல் கடிகாரம் செய்தார். சூரிய உதயத்திலிருந்தும் மறைவிலிருந்தும் நண்பகலிலிருந்தும் நேரத்தைப் படிக்கக் கோடுகள் அதில் உண்டு. அஸருக்குத் தனிக்கோடும் உண்டு. அவர் காலத்தவரான அல்-கலீலி, சூரியன் ராசி வட்டத்தில் ஒவ்வொரு டிகிரி நகரும்போதும் டமாஸ்கஸில் தொழுகை நேரங்கள் எப்படி மாறும் என்று முழு வருடத்துக்கும் அட்டவணை போட்டார். 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அது பயன்பட்டது. இன்று சுவரில் தொங்கும் அட்டவணைக்கு முன்னோடி என்றால் இதுதான்.

இந்தியாவுக்கும் கருவி வந்தது. டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் அவையில் இருந்த சமண அறிஞர் மகேந்திர சூரி 1370இல் ஆஸ்ட்ரோலேப் பற்றி ‘யந்திரராஜம்’ என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். முகலாயர் காலத்தில் லாகூரில் உஸ்தாத் அல்லாஹ்தாதின் குடும்பம் நான்கு தலைமுறையாக ஆஸ்ட்ரோலேப் செய்தது. அந்தக் குடும்பத்தின் கருவிகள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. தட்டுகள் அடுக்கும் உட்குழிவில் ஊர்ப்பெயர்களும் அவற்றின் அகலாங்கு, நெட்டாங்கும் வளையம் வளையமாகச் செதுக்கியிருக்கும். எந்த ஊருக்கு எந்தத் தட்டு என்று பார்த்துக்கொள்ளத்தான். தட்டில் அகலாங்கு எழுதாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். துருவத்துக்கும் உச்சிப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்தால் எந்த அகலாங்குக்குச் செய்தது என்று அது சொல்லிவிடும். செதுக்கியவர் எங்கே தவறினார் என்பதையும் ஆய்வாளர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

சூரியனே இல்லாத சுப்ஹுக்கும் இஷாவுக்கும் ஒரு சின்ன உத்தி உண்டு. தொடுவானத்துக்குக் கீழே சூரியன் 18 டிகிரி வாக்கில் இருக்கும்போது வைகறை வெளிச்சம் தொடங்குகிறது என்று அல்-பிரூனி போன்றோர் கணித்திருந்தார்கள்; முவக்கித்துகள் 17இலிருந்து 20 வரை வெவ்வேறு அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். தட்டில் தொடுவானத்துக்குக் கீழே உயர வட்டங்கள் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சூரியன் கிழக்கே 18 டிகிரி கீழே இருந்தால், ராசி வட்டத்தில் அதற்கு நேர் எதிரே உள்ள புள்ளி மேற்கே 18 டிகிரி மேலே இருக்கும். அந்த எதிர்ப்புள்ளியை 18 டிகிரி வட்டத்தில் நிறுத்தினால் சுப்ஹு நேரம் கிடைத்துவிடும்.

வானம் மூடிக்கொண்டால் ஆஸ்ட்ரோலேப் கைகொடுக்காது, அப்போது நீர்க்கடிகாரம்தான். அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட, அது நிரம்பி மூழ்க 24 நிமிடம். நாம் சொல்லும் நாழிகை அதுதான். கிண்ணம் நாழிகை வட்டில். ஃபிரோஸ் ஷா தலைநகர் ஃபிரோஸாபாத்தில் இப்படியொரு நாழிகை வட்டிலை வைத்து, மூழ்கும்போதெல்லாம் மணியடிக்க ஆள் நியமித்தார். மேகமூட்டமான நாளில் தொழுகை நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் தெரிய அது உதவியது என்று வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதியிருக்கிறார்.

கடைசியாக, நாம் ஜூன் 21க்குக் கண்டுபிடித்த 3 மணி 26 நிமிடம் எப்படி 3:45 ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி நெட்டாங்கை வைத்து ஓடுகிறது. தங்க வயல் 78.3 டிகிரியில் இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 17 நிமிடம் பின்தங்கி, 12:17க்கு. பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் சூரியனே வருடத்தில் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் ஓடுகிறது. அதனால் நம் ஊர் நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 12:00க்கும், பிப்ரவரி நடுவில் 12:31க்கும், ஜூன் 21 அன்று 12:19க்கும் வருகிறது. 12:19உடன் 3 மணி 26 நிமிடத்தைக் கூட்டினால் 3:45. பிப்ரவரியில் அஸர் 3:52 வரை போவதற்கும், நவம்பரில் 3:20க்கு வருவதற்கும் காரணம் நண்பகலே அங்கும் இங்கும் நகர்வதுதான். சூரியனை வைத்து அளந்தால் இரண்டு நாட்களிலும் நண்பகலுக்குப் பின் 3 மணி 20 நிமிடத்தில் அஸர்.

முவக்கித்துக்கு இந்தத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் நண்பகல் அவர் ஊர் நண்பகல். சென்னை, தங்க வயல், பெங்களூரு, மங்களூரு எல்லாமே 13 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. ஒரே ஊர்த்தட்டு நான்குக்கும் போதும். கடிகாரம் வந்தபின்தான் நெட்டாங்கு கணக்கில் சேர்கிறது. பெங்களூரு அட்டவணையைத் தங்க வயலில் மாட்டினால் ஒவ்வொரு வேளையும் மூன்று நிமிடம் தாமதமாகும். தொழுகைக்கு ஆபத்தில்லை, ஆனால் ஸஹர் முடிக்கும் நேரம் தாண்டிப்போகும். சென்னை அட்டவணையை மாட்டினால் எட்டு நிமிடம் முன்னதாகும். ரமலானில் அதை நம்பி நோன்பு திறப்பவர், சூரியன் மறையுமுன்னே திறந்திருப்பார்.